கொழும்புக்குப் போகும் பாராட்டு மின்னஞ்சல்: ஒரு மின்வெட்டு இரவை வைத்து

தேயிலைத் தோட்டத் தொழிற்சாலைகளிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்குப் போகும் பாராட்டு மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். "கடமைக்கு அப்பாலும் சென்று, நேரம் காலம் பாராது, அர்ப்பணிப்போடு உழைத்து, நிறுவனத்துக்கு ஏற்படவிருந்த பெரும் நட்டத்தைத் தவிர்த்த இன்னாருக்கு எமது மனமார்ந்த பாராட்டுக்கள்." இதில் பெயரை மட்டும் மாற்றினால் லொறி டிரைவருக்கும் அனுப்பலாம், ஸ்டோர் கீப்பருக்கும் அனுப்பலாம். கொழும்பில் அதைத் திறக்கும் பணிப்பாளர் "நன்று" என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டு அடுத்ததைத் திறப்பார். அந்த இரவில் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துச் சம்பள உயர்வுக் கூட்டத்தில் அந்தப் பெயர் வந்தாலும் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது.

பொதுவாகப் பேசினால் இங்கே பயனில்லை. ஒரு நிகழ்வை எடுத்து, அதற்கான மின்னஞ்சலை வரிவரியாகப் பார்ப்போம். இது குறிப்பிட்ட எந்தத் தோட்டத்திலும் நடந்ததல்ல. மேற்கு மலைச்சரிவில் பெக்டரி நடத்துகிற எவருக்கும் பழக்கமான ஓர் இரவைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

பொகவந்தலாவைப் பக்கம், ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை இடைவிடாமல் கொட்டுகிறது. சனிக்கிழமை பறித்த 7,000 கிலோ கொழுந்து, விசிறியால் காற்றடித்து வாட்டும் நீண்ட தொட்டிகளான ஏழு ட்ரஃப்களில் வாடிக்கொண்டிருக்கிறது. இரவு 11.40க்கு மின்கம்பியில் மரம் விழுந்து கரண்ட் போகிறது. இரவு ஷிப்டுக்குப் பொறுப்பு, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். 11.52க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிறது. அது ஒரே நேரத்தில் நான்கு ட்ரஃப்களின் மின்விசிறிகளைத்தான் தாங்கும். மீதி மூன்று ட்ரஃப்களில் காற்று இல்லை.

மழையில் நனைந்து வந்த கொழுந்துக்குக் காற்று நின்றால் என்ன ஆகும் என்று பெக்டரியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது. காற்று ஓடாத குவியலில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அடியில் கைவிட்டால் வெதுவெதுவென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் இலை சிவக்கத் தொடங்கும். சிவந்த கொழுந்தை ரோலரில் போட்டு எப்படி உருட்டினாலும் தேநீரில் அது தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பத்தியிலுள்ள எதுவும் கொழும்பில் நிதிப்பிரிவில் இருப்பவருக்குத் தெரியாது. மின்னஞ்சலில் இதற்கு ஒரு வாக்கியமாவது கொடுக்க வேண்டியது அதனால்தான்.

உதவி டீமேக்கர் அன்றிரவு செய்தது இது. நான்கு ட்ரஃப்களைக் காப்பாற்றி மூன்றைக் கைவிடும் வழி அவர் முன்னால் இருந்தது. அதைச் செய்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அரை மணிக்கு ஒரு முறை விசிறிகளை மாற்றி மாற்றி ஓட்டினார். மோட்டர்களை ஒன்றாகப் போட்டால் ஜெனரேட்டர் அணைந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றாகவே போட்டார். காற்று நின்ற ட்ரஃப்களில் கொழுந்தைக் கையால் பிரட்டிவிட ஷிப்டிலிருந்த இரண்டு பேர் போதவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்பினார், நான்கு பேர் மழையில் வந்தார்கள். காலை 6.15க்குக் கரண்ட் வரும்வரை இது நடந்தது. எந்த ட்ரஃப் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதை வாட்டல் பதிவேட்டில் அவரே எழுதியும் வைத்தார்.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். முதலில் எதை எழுதக்கூடாது என்று தீர்மானிப்பது நல்லது. ஜெனரேட்டரைப் போட்டது அவருடைய கடமை. மின்சார சபைக்குப் போன் பண்ணியதும் கடமை. எதைச் செய்யாமல் இருந்திருந்தால் அவரிடம் விளக்கம் கேட்டிருப்பீர்களோ, அதை எல்லாம் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் மின்னஞ்சலுக்கு உரியது. இங்கே மிஞ்சுவது மூன்று: மாற்றி ஓட்டுவது என்ற முடிவு, ஆள் திரட்டிக் கையால் பிரட்டியது, பதிவேட்டை எழுதியது. கழித்துப் பார்த்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், ஷிப்டு மாறும்போது நேரில் ஒரு நன்றி சொன்னால் போதும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் கொழும்புக்குப் பாராட்டு போனால் மூன்றாவது மின்னஞ்சலை யாரும் திறக்க மாட்டார்கள்.

அடுத்து, தகவல்களைக் கையில் எடுப்பது. ஞாபகத்திலிருந்து எழுதவே கூடாது. வாட்டல் பதிவேடு, ஜெனரேட்டர் லொக் புத்தகம், கேட்டில் வாட்சர் எழுதும் புத்தகம், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரங்களை ஒப்பிட வேண்டும். லயத்திலிருந்து நான்கு பேர் வந்தது 12.10 என்று கேட் புத்தகம் சொல்லும். பேச்சில் அது "பன்னெண்டு மணிக்கு முன்னுக்கே" என்று மாறியிருக்கும். பத்து நிமிட வித்தியாசம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். மின்னஞ்சலை அந்த நான்கு பேரும் வாசிப்பார்கள், வாட்சரும் வாசிப்பார். ஓர் எண் பிழை என்று பெக்டரியில் பேச்சு கிளம்பினால், மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் "சும்மா ஏத்திச் சொல்லியிருக்காங்க" என்றுதான் முடியும்.

பிறகு அந்த ஆளிடமே உட்கார்ந்து பேச வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், திடீரென்று கொடுத்தால்தான் மகிழ்ச்சி என்ற நினைப்பு. மலையகத் தோட்டத்தில் எல்லாரும் ஒரே கூரைக்கீழ் இருப்பவர்கள். மேலிடத்துப் பாராட்டு ஒருவர்மேல் மட்டும் விழுந்தால் "தொரைக்கு வேண்டிய ஆளு" என்ற பெயர் அடுத்த நாளே ஒட்டிக்கொள்ளும். ஆகவே, "இத மேலுக்கு அனுப்பப் போறோம், ஒங்களுக்குச் சரியா?" என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அனுப்புங்க சார். ஆனா எம் பேரு மட்டும் போட்டீங்கன்னா அந்த ஆறு பேரு மொகத்துல முழிக்க ஏலாது. அவங்க ஓ.டி.யும் இன்னும் எழுதல்ல."

இந்த ஒரு பதிலில் இரண்டு வேலைகள் கிடைத்துவிட்டன. ஆறு பேரின் பெயரும் வர வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய ஓவர்டைம் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏற வேண்டும். இரண்டாவதை முதலில் முடியுங்கள். நள்ளிரவு 12.10 முதல் காலைவரை வேலை செய்ததாகத் தலைமையகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, செக்ரோலில் அந்த மணித்தியாலங்கள் இல்லாமல் போனால், அந்த மின்னஞ்சலையே சங்கத் தலைவர் கொண்டுவந்து மேசையில் வைப்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். பெரிய கிளார்க்கிடம் பதிவு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானில் கை வைக்க வேண்டும்.

பேசும்போது கேட்க வேண்டிய இன்னொன்று, வேலை எப்படி நடந்தது என்பது. ஐந்தாவது விசிறியையும் ஓட்ட வேண்டும் என்று யாராவது பாதுகாப்பு டிரிப்பைக் கட்டிவைத்தார்களா? ஈரத் தரையில் பனல் போர்டைத் திறந்தார்களா? அப்படி ஏதாவது நடந்திருந்தால் அது பாராட்டில் வரக்கூடாது. அதை மறைத்து மீதியை மட்டும் பாராட்டுவதும் சரியில்லை. கொழும்பிலிருந்து கையொப்பத்தோடு பாராட்டு வந்த பிறகு, அடுத்த மின்வெட்டில் மற்ற ஷிப்டுக்காரர்களும் அதையே செய்வார்கள். முதலில் அந்த விஷயத்தைப் பேசித் தீர்த்துவிட்டு, பிறகு பாராட்டு தேவையா என்று பாருங்கள். தூக்கத்துக்கும் இதே கணக்குத்தான். மாலை 6 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 9.30வரை நின்றார் என்றால் பதினைந்தரை மணித்தியாலம். "கண் துஞ்சாமல்" என்று அதைப் புகழ்ந்தால் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்ப்பதாக ஆகிவிடும். நேரத்தை உள்ளபடி எழுதி, ஞாயிறு இரவு ஷிப்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தால் போதும்.

இப்போது பணம். "இருபது லட்சம் நட்டம் தவிர்க்கப்பட்டது" என்று எழுதக் கை துருதுருக்கும், ஏனென்றால் மேலிடம் ரூபாயில்தான் யோசிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் இந்தக் கொழுந்தின் விலை இன்னும் யாருக்கும் தெரியாது. தேயிலை பொதியாகி, தரகரிடம் போய், பட்டியலில் ஏறி, கொழும்பு ஏலத்தில் விற்பனையாக வாரங்கள் ஆகும். அதற்கு முன் ரூபாய் போட்டால் அது ஊகம். நிதிப்பிரிவில் உள்ள ஒருவர் "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்று எல்லாருக்கும் பதிலனுப்பினால் பாராட்டு அங்கேயே கணக்கு விசாரணையாகிவிடும். அளவில் பேசுங்கள். 7,000 கிலோ கொழுந்திலிருந்து 1,490 கிலோ தேயிலை வந்தது. அது 21 வீதத்துக்குச் சற்று மேல், வழக்கமான விளைச்சல்தான். ஞாயிறு பிற்பகல் சுவை பார்த்தபோது வெள்ளிக்கிழமைத் தேயிலையோடு வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டும் சரிபார்க்கக் கூடியவை, இரண்டும் போதும்.

காற்றே இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு கெட்டிருக்கும் என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் "மூன்று ட்ரஃப்கள், சுமார் 3,000 கிலோ, ஆபத்தில் இருந்தன" என்பதோடு நிறுத்த வேண்டும். ஏழும் போயிருக்கும் என்பது உண்மையல்ல, நான்கு விசிறிகளுக்கு ஜெனரேட்டர் இருந்தது. மிகைப்படுத்தினால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கராகத்தான் இருப்பார்.

இதையெல்லாம் வைத்து எழுதினால் மின்னஞ்சல் கீழே உள்ளதுபோல் வரும். தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் போவதும் இதே அமைப்பில்தான் இருக்கும். இது தோட்டத்தில் ஒட்டப்படும் தமிழ்ப் பிரதி. பெயர்கள் வர வேண்டிய இடத்தில் புள்ளியிட்டிருக்கிறோம்.

*பொருள்: ……… – சனி இரவு மின்வெட்டில் 3,000 கிலோ கொழுந்தைக் காத்த வேலை*

*தொழிற்சாலைக் குழுவினருக்கு,*

*சனி இரவு 11.40 முதல் ஞாயிறு காலை 6.15வரை மின்சாரம் இல்லாதபோது, ஏழு ட்ரஃப்களில் இருந்த 7,000 கிலோ கொழுந்தும் கெடாமல் ஞாயிறு காலை தயாரிப்புக்குப் போனது. அதற்குக் காரணம் இரவு ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்த உதவி டீமேக்கர் ……… எடுத்த முடிவு.*

*எமது ஜெனரேட்டர் ஒரே நேரத்தில் நான்கு விசிறிகளையே ஓட்டும். காற்று நின்றால் ஈரக் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும் என்பதால் மூன்று ட்ரஃப்கள், சுமார் 3,000 கிலோ, ஆபத்தில் இருந்தன. ……… விசிறிகளை அரை மணிக்கு ஒரு முறை மாற்றி ஓட்டி, ஏழு ட்ரஃப்களுக்கும் காற்றுக் கிடைக்கச் செய்தார். காற்று நின்ற ட்ரஃப்களில் கொழுந்தைக் கையால் பிரட்ட ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் நேரத்துடன் எழுதினார். அந்தப் பதிவை வைத்துத்தான் காலையில் எந்த ட்ரஃபை முதலில் உருட்டுவது என்று தீர்மானித்தோம்.*

*ஷிப்டில் இருந்த ………, ………, நள்ளிரவு 12.10க்கு லயத்திலிருந்து வந்த ………, ………, ………, ……… ஆகியோர் காலைவரை கொழுந்தைப் பிரட்டினார்கள்.*

*1,490 கிலோ தேயிலை கிடைத்தது. ஞாயிறு பிற்பகல் சுவை பார்த்ததில் வெள்ளிக்கிழமைத் தயாரிப்போடு வேறுபாடு தெரியவில்லை. ……… காலை 9.30வரை நின்று பொறுப்பை ஒப்படைத்தார், ஞாயிறு இரவு ஷிப்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்.*

*நன்றி ………, நன்றி அனைவருக்கும்.*

*முகாமையாளர்*

பொருள் வரியில் பெயர் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். மேலதிகாரிகள் பெரும்பாலும் காரில் போகும்போது போனில்தான் பார்ப்பார்கள், அந்தச் சின்னத் திரையில் வரியின் முன்பகுதி மட்டுமே தெரியும். "சனிக்கிழமை இரவு ஏற்பட்ட மின்வெட்டின்போது" என்று தொடங்கினால் அது முறைப்பாடா, விபத்து அறிக்கையா என்று தெரியாமல் தள்ளி வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் முடிவு வந்துவிடுகிறது. அதற்குமேல் வாசிக்காதவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

பதிவேட்டு வாக்கியம் சின்னதாக இருந்தாலும் அதை வெட்டாதீர்கள். இரவில் உழைத்ததை எல்லாரும் எழுதுவார்கள். அந்த நெருக்கடியிலும் நேரத்தைக் குறித்து வைத்ததும், அது மறுநாள் வேலைக்கு உதவியதும் ஒருவரின் தரத்தைக் காட்டுகிற விஷயம். டீமேக்கராக உயர்த்தலாமா என்று யோசிக்கும் மேலதிகாரி தேடுவது அந்த வரியைத்தான்.

மின்னஞ்சலில் இல்லாததையும் பாருங்கள். மெக்கானிக் அன்று லீவில் இருந்தார் என்று எழுதவில்லை. லீவு முறையாக எடுத்ததுதான், ஆனாலும் கொழும்பில் வாசிப்பவருக்கு அது குறையாகப் படும். மெக்கானிக்கின் மனைவி அதே நோட்டீஸ் போர்டைப் பார்க்க வருவார். ஒருவரை உயர்த்த இன்னொருவர் இல்லாததைச் சுட்டவே கூடாது.

ஜெனரேட்டர் சிறியது, பெரியது வேண்டும் என்பதும் அதில் இல்லை. இதில் பலருக்குச் சபலம் உண்டு, ஏனென்றால் பணிப்பாளர் வாசிக்கப் போகும் ஒரே மின்னஞ்சல் இதுவாக இருக்கலாம். ஆனால் கோரிக்கையைச் சேர்த்த அந்த நிமிடமே பாராட்டு கோரிக்கைக்கான முகவுரையாகிவிடும், அந்த ஆளும் உங்கள் வாதத்துக்கு ஒரு சாட்சியாகிவிடுவார். பதில்கள் எல்லாம் மதிப்பீட்டுத் தொகை, மூன்று விலைக்கோரல் என்று போகும், அவருடைய பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஜெனரேட்டருக்குத் தனி அறிக்கை, தனி நாளில். "நான்கு விசிறிகளையே ஓட்டும்" என்ற வரி மின்னஞ்சலில் இருக்கத்தான் செய்கிறது. புரிகிறவருக்கு அது போதும்.

யாருக்கு அனுப்புவது? பெறுநர் இடத்தில் தொழிற்சாலைக் குழு. பிரதியில் பிராந்தியப் பொது முகாமையாளர், தலைமையகத்தில் உற்பத்திக்குப் பொறுப்பான பணிப்பாளர், மனிதவளப் பிரிவு. தலைமை நிறைவேற்று அதிகாரியைச் சேர்ப்பதா என்பதைப் பிராந்தியப் பொது முகாமையாளரிடமே போனில் கேட்டுவிடுங்கள். தன் கீழுள்ள தோட்டத்துச் செய்தியைத் தனக்கு மேலிருப்பவர் முதலில் அறிந்தார் என்றால் எவருக்கும் பிடிக்காது. அந்தக் கசப்பு போய்ச் சேருவது பாராட்டுப் பெற்றவரிடம். பெக்டரி ஒஃபிசர் இதை எழுத விரும்பினாலும், எழுதியதை முகாமையாளரான பெரிய தொரையின் பெயரில் அனுப்புவதே நல்லது. தோட்டத்திலிருந்து மேலே போகும் கடிதத்துக்கு அவருடைய பெயரில்தான் எடை. எழுத உதவியவருக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடாது. மறைபிரதியில் மட்டும் யாரையும் போடாதீர்கள். அப்படி வாங்கிய ஒருவர் தெரியாமல் எல்லாருக்கும் பதில் எழுதினால், வேறு யாரெல்லாம் ஒளிந்திருக்கிறார்கள் என்ற பேச்சு வரும்.

நேரமும் முக்கியம். ஞாயிறு சுவை பார்த்து முடிகிறது, திங்கள் காலையில் பதிவேடுகளை ஒப்பிட்டு ஓவர்டைமை ஏற்றலாம். ஆகவே திங்கள் பிற்பகல் சரியான நேரம். அதைத் தவறவிட்டால் வியாழனுக்குத் தள்ளுங்கள். செவ்வாயும் புதனும் கொழும்பில் ஏலம் நடக்கும் நாட்கள், தலைமையகத்தின் கவனம் முழுக்க விலையில் இருக்கும். அடுத்த வாரத்துக்குப் போனால் புதிதாக ஒரு மண்சரிவு எச்சரிக்கையோ கொழுந்துக் குறைவோ வந்து இது பழங்கதையாகிவிடும்.

பெயர்களுக்குத் தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம் என்றுகூடத் தோன்றும். ஏழு பேர். செக்ரோலில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, கூப்பிடுவது மூன்றாவதாக ஒன்று. தோட்டத்துப் பெயர்கள் பழைய பதிவுகளில் எழுதியவரின் காதுக்குக் கேட்டபடி பதிவானவை, அதனால் அண்ணன் தம்பிக்கே தகப்பன் பெயர் வேறு வேறாக இருக்கும். மின்னஞ்சலில் வர வேண்டியது அடையாள அட்டையில் உள்ள பெயர், முதலெழுத்துகளோடு. அடைப்புக்குள் கூப்பிடும் பெயரையும் போட்டால் வாசிக்கிறவர்களுக்கு ஆள் தெரியும். சிங்களப் பிரதியில் எழுதும்போது மறுபடி பிழை வரும், ஆகவே அதை ஒரு சிங்கள ஊழியரிடம் கொடுத்து, பெயருக்குரியவர் முன்னாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய பெயரைப் பிழையாக எழுதிப் பாராட்டுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

இந்த ஏழு பேரில் நிறுவன மின்னஞ்சல் முகவரி இருப்பது ஒருவருக்கோ இருவருக்கோதான். மற்றவர்களுக்கு அந்த மின்னஞ்சல் போனதே தெரியாது. அதனால் அனுப்பிய அன்றே தமிழ், சிங்களப் பிரதிகளை அச்சடித்துப் பெக்டரி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். கையொப்பமிட்ட தாளாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, வீட்டில் எடுத்து வைப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடலாம், ஆனால் அது மட்டும் போதாது. குழுவில் இல்லாதவர்தான் பெரும்பாலும் மழையில் வந்தவராக இருப்பார்.

வாசித்துக் காட்டுவதென்றால் ஷிப்டு மாறும் நேரத்தில் பெக்டரிக்குள் வாசியுங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், மலைக்குப் போகும் ஆட்களிடம் இதை வாசித்தால், அட்டைக்கடியிலும் மழையிலும் கொழுந்து பறித்தவர்களுக்கு, பறித்ததைவிடக் காத்தது பெரிதா என்று தோன்றும். தோன்றினால் தவறும் இல்லை. கொழுந்து காத்ததன் மதிப்பு தெரிந்தவர்கள் பெக்டரிக்குள்தான் இருக்கிறார்கள். வாசிக்கும்போது அவரை முன்னால் வந்து நிற்கச் சொல்லாதீர்கள். கூட்டத்துக்குள் நிற்கட்டும்.

அனுப்பிய பிறகு ஒரு வேலை மீதி இருக்கிறது. பணிப்பாளர் "நன்று, வாழ்த்துக்கள்" என்று முகாமையாளருக்கு மட்டும் பதில் போடுவார். பதில் பொத்தான் தானாக அப்படித்தான் போகும். பாராட்டப்பட்டவரின் கண்ணில் அது படாது. இதற்கு வழி, மின்னஞ்சல் போன கையோடு பணிப்பாளருக்குத் தனியாக இரண்டு வரி அனுப்புவது: "அவர் செவ்வாய் இரவு ஷிப்டில் இருப்பார், 7 மணிக்குப் பெக்டரி ஒஃபிஸ் போனில் பிடிக்கலாம். நீங்கள் ஒரு நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும்." எண்ணையும் அதிலேயே போட்டுவிடுங்கள். நேரமும் எண்ணும் கையில் இருந்தால் பேசுவார்கள், தேட வேண்டியிருந்தால் மறந்துவிடுவார்கள். செவ்வாய் இரவு என்றால் அன்றைய விற்பனையும் முடிந்திருக்கும். பேசப் போகிறவருக்குச் சொல்லிவைக்க இன்னொரு தகவல், அவர் கேட்கத் தகுந்த ஒரு கேள்வி. "விசிறிய மாத்தி மாத்தி ஓட்டணும்னு எப்படித் தோணிச்சு?" என்று ஒரு பணிப்பாளர் கேட்டால் அந்த உரையாடல் பத்து நிமிடம் ஓடும்.

எழுத்தில் வந்த பதில்களை அச்சடித்து, மின்னஞ்சலோடு சேர்த்து அவருடைய தனிநபர் கோப்பில் போட வேண்டும். ஆறு பேருடைய கோப்பிலும் ஒவ்வொரு பிரதி. முகாமையாளர்கள் மாறிப்போவார்கள், புதிதாக வருபவர் கோப்பைத்தான் பார்ப்பார். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுவாகவும் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுத் தயாரிப்பு ஏலத்தில் விற்று, தரகரின் அறிக்கை வந்ததும், அதே மின்னஞ்சலைத் திறந்து எல்லாருக்கும் பதிலாக ஒரு வரி சேர்க்கலாம்: எந்தத் தரம், என்ன விலை, அந்த வாரத்து மற்ற பொதிகளோடு ஒப்பிட்டால் எப்படி. விலை குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதி, காரணம் சந்தையா கொழுந்தா என்று தரகர் சொன்னதையும் சேர்த்து அனுப்பலாம்.